தையல்கார அக்காவின் நிழல்: ஒரு கதையின் நிகழ்வு ஆய்வு

கதைச் சுருக்கம் இவ்வளவுதான். திருகோணமலையில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டுத் தைத்துக் கொடுக்கும் ஒரு பெண், சித்திரை வருடப்பிறப்புக்கு இரண்டு நாள் இருக்கையில், உச்சி வெயிலில் தன் நிழலை இழக்கிறாள். நிழல் ஊருக்குள் போய்விடுகிறது. பெரியகடையில் பார்த்ததாக ஒருவர், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் கண்டதாக இன்னொருவர், டச்சுபே கடற்கரையில் அந்தியில் நின்றது என்று மூன்றாமவர் வந்து சொல்கிறார்கள். அவளுக்குப் பெயர் கிடையாது. ஊருக்கு அவள் "தையல்கார அக்கா".

இப்படி ஒரு மாய யதார்த்தக் கதையை எழுத உட்காரும்போது முதலில் கை போவது கவித்துவத்துக்கு. "ஒருநாள் அவள் நிழல் அவளை விட்டுப் பிரிந்தது" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதன் சோகத்தில் நாலு பக்கம் ஓட்டிவிடலாம். அப்படி எழுதிய கதை எந்த ஊரிலும் நடக்கும், அதனால் ஒரு ஊரிலும் நடக்காது. வாசகரிடம் நாம் கேட்பது ஒரேயொரு கடன்: நிழல் தனியே நடக்கும் என்பதை நம்பச் சொல்கிறோம். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம், வெயிலின் சாய்வு முதல் ஊசிக்கண் வரை, உண்மையாக இருந்தால்தான் அந்தக் கடன் கிடைக்கும். இந்தக் கதையில் நிழல் சூரியனுக்கு எங்கே கீழ்ப்படிகிறது, எங்கே மீறுகிறது என்று பார்த்தாலே கதையின் முக்கால்வாசி வேலை பிடிபட்டுவிடும்.

பிரிந்த நேரம்

திருகோணமலை பூமத்திய கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகைக்குச் சற்று மேலே கிடக்கிறது. அதனால் வருடத்தில் இரண்டு நாள், ஏப்ரல் 12ஐ ஒட்டியும் ஓகஸ்ட் 31ஐ ஒட்டியும், சூரியன் நடுப்பகலில் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். கடிகாரம் அப்போது 12 மணி கடந்து ஐந்தாறு நிமிடம் காட்டும். அந்த வேளையில் நேராக நிற்கும் கம்பத்துக்கு நிழலே இராது. மனிதருக்கு முழுதாக இல்லாமல் போகாது, தலையும் தோளும் போடும் ஒன்றரை அடி அகலக் கருமை காலைச் சுற்றி அடங்கியிருக்கும்.

நிழல் பிரிய வேறு நேரம் தேட வேண்டியதில்லை. ஏப்ரல் 12 என்றால் வருடப்பிறப்புக்கு முந்தைய அவசரம். தையல்காரிக்கு வருடத்திலேயே மூச்சுவிட நேரமில்லாத நாட்கள். வானமும் தொழிலும் ஒரே தேதியில் வந்து நிற்கும்போது, கதைக்காரர் அந்தத் தேதியைக் கண்டுபிடித்தால் போதும், புனைய வேண்டாம்.

பிரியும் விதம் கதையில் இப்படி வருகிறது:

"கழுவிய துணிக்குக் கொடி கட்ட ஸ்டூலில் ஏறினாள். முடிச்சுப் போட்டுவிட்டு, இறங்கப் பஞ்சிப்பட்டுக் குதித்தாள். நிமிர்ந்து ஸ்டூலை எடுக்கக் குனிந்தபோது ஸ்டூலின் நிழல் ஸ்டூலுக்கடியில் இருந்தது. அவளுடையது இல்லை."

ஒன்றரை அடி உயரத்திலிருந்து குதித்தால் இரண்டு காலும் தரையை விட்டிருக்கும் நேரம் ஒரு வினாடியின் மூன்றில் ஒரு பங்குகூட வராது. நிழல் முழுவதும் காலடியில் சுருண்டிருக்கும் நேரமும் காலடியே தரையில் இல்லாத நேரமும் ஒன்றாக வந்த இடத்தில் அது கழன்றுகொண்டது. ஏன் கழன்றது என்று கதை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. எப்போது, எப்படி என்று மட்டும் சொல்லிவிட்டால், ஏன் என்ற கேள்வியை வாசகர் தாமாகவே கொஞ்சம் ஒத்திவைப்பார்.

கூர்மையான வாசகருக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். அந்த நிமிடத்தில் ஊரில் வேறு எவரும் குதிக்கவில்லையா? பிள்ளைகள் எத்தனை பேர் விளையாடியிருப்பார்கள்? இதற்கு விளக்கம் கொடுக்கப் புகுந்தால் கதை சட்டப்புத்தகமாகிவிடும். சந்தேகத்தை மறைத்தாலும் பிடிபடும். கதை ஒரு வரியில் தாண்டுகிறது: "அதே நேரம் வேறு யாரும் குதித்தார்களா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை, அவரவர் நிழலை அவரவர் குனிந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்." ஓட்டை இருப்பது தெரியும் என்று ஒப்புக்கொண்டு சிரித்துவிடுவது பல வேளைகளில் அதை அடைப்பதைவிட நன்றாக வேலை செய்கிறது.

நிழலுக்கான விதி

எழுதத் தொடங்குமுன் தனித்தாளில் விதியை எழுதி வைப்பது நல்லது. இந்தக் கதையின் விதி ஒன்றுதான்: நிழலுக்குக் கால் அதன் வசம், மற்றதெல்லாம் வெயிலின் வசம். எங்கே நிற்பது, எப்போது நடப்பது என்பதை நிழல் தீர்மானிக்கும். எந்தத் திசையில் விழுவது, எவ்வளவு நீளுவது என்பதைத் தீர்மானிக்க அதற்கு உரிமை இல்லை.

இதிலிருந்து நிறைய விஷயம் இலவசமாகக் கிடைக்கிறது. பிரிந்தபோது அது வெறும் வட்டமாக இருந்ததல்லவா? ஆகவே முதல் அரைமணி நேரம் ஊருக்குள் போனது பெண்ணுருவம் இல்லை, சுளகளவு கறுப்பு ஒன்று. பெரியகடையில் மீன் விற்கும் தம்பி அதைப் பெட்டியிலிருந்து வழிந்த தண்ணீர் என்று நினைத்துக் காலால் தள்ளப் பார்க்கிறான். அதற்கு மேல் வெயில் சாயச் சாய அது தன் உருவத்தைத் திரும்பப் பெறுகிறது. பின்னேரம் 3 மணி தாண்டும்போது சூரியன் 45 பாகைக்கு இறங்கிவிடும், அப்போது நிழலின் நீளமும் ஆளின் உயரமும் ஒன்று. ஐந்தடிப் பெண்ணின் நிழல் ஐந்தடி. அந்த நேரத்தில்தான் மீன்காரத் தம்பிக்கு அது யாருடையது என்று விளங்குகிறது, கழுத்தில் அளவுநாடா இரு பக்கமும் தொங்குவதைப் பார்த்து. நாலு மணி கடந்தால் எட்டடிக்கு மேல், ஐந்து மணி கடந்தால் பதினேழு அடி.

நேரத்தையும் நீளத்தையும் பொருத்திப் பார்க்காமல் எழுதுவதுதான் இவ்வகைக் கதைகளில் அதிகம் காணும் பிழை. நடுப்பகலில் ஆளுயர நிழல் சுவரில் ஏறுவதாக எழுதிவிடுவார்கள். இன்னொரு பிழை விளிம்பு பற்றியது. சூரியன் புள்ளியல்ல, வானில் அரைப் பாகை அகலமுள்ள வட்டம். அதனால் பொருளும் தரையும் விலக விலக நிழலின் ஓரம் கரைந்துகொண்டே போகும். பாதத்தின் நிழல் கத்தியால் வெட்டினாற்போல இருக்கும். அதே ஆளின் தலை நிழல், மாலை 5 மணிக்கு, ஓரத்தில் இரண்டு அங்குலமாவது மங்கியிருக்கும். அந்தியில் விழுந்த நிழலில் காதுத் தோடு தெரிந்தது, கொண்டை ஊசி தெரிந்தது என்று எழுதினால் வெயிலில் நடந்த எவரும் நம்பமாட்டார். அடையாளம் பிடிக்கும் இடத்தை இந்தக் கதை 3 மணிக்கு வைத்ததற்குக் காரணமும் இதுதான்: அளவுநாடா இன்னும் நாடாவாகத் தெரியும் கடைசி வேளைகளில் அது ஒன்று.

கண்டவர்கள்

நிழலைக் கண்டவர்கள் என்ன பேசுகிறார்கள் என்பதில்தான் கதை நிற்கும் அல்லது விழும். "ஐயோ, நிழல் தனியா நடக்குது!" என்று ஒரே ஒரு பாத்திரம் அலறினாலும் அது பேய்க்கதையாகிவிடும். ஊர் இதைப் புதினமாக எடுத்துக்கொள்ள வேண்டும், அற்புதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன்காரத் தம்பி வந்து சொல்வதைப் பாருங்கள்:

"அக்கா, உங்கட நிழல் பெரியகடையில நிக்குது."

"நிக்கட்டும் தம்பி. வெயில் எறிக்கக்குள்ள எங்கயாவது நிக்கத்தானே வேணும்."

"சனம் மிதிச்சிட்டுப் போகுதக்கா."

"என்னோட இருக்கக்குள்ளயும் மிதிச்சவைதான்."

அவன் ஆச்சரியப்பட்டு வரவில்லை, அக்காவின் பொருள் ஒன்று தெருவில் கிடக்கிறது என்று சொல்ல வந்தான். அவளுடைய பதிலும் புலம்பல் இல்லை. கடைசி வரியில் மட்டும் இவ்வளவு காலம் அவள் வாழ்ந்தது கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. அதற்குமேல் ஒரு சொல் கூட்டினாலும் கெட்டுவிடும்.

கோயில் வழிக் காட்சி இதைவிடச் சிக்கலானது. பிரட்றிக் கோட்டை வாசலால் நுழைந்து சுவாமிமலைக்குக் காலையில் ஏறுபவருக்கு வெயில் முகத்தில் அடிக்கும், அவரவர் நிழல் பின்னால் விழும். இறங்கி வருபவருக்குத் தம் நிழல் முன்னே போகும். ஆகவே ஏறுகிறவர் கண்டதாக எழுதினால், தமக்கு முன்னால் போன நிழலின் தலை தம் காலடியை நோக்கி நீண்டு கிடக்கக் கண்டார் என்று வர வேண்டும். இறங்குபவர் கண்டதாக எழுதினால், முதலில் எதிரே வரும் இரண்டு பாதங்கள், பின்னர் அவற்றின் பின்னால் இழுபடும் உடம்பு. இரண்டாவது வலிமையானது. கதையில் கண்டவர் காலைப் பூசை முடித்து இறங்கும் ஒரு பெரியவர். கோட்டைக்குள் மேயும் மான்களில் ஒன்று நிழல் வந்ததும் அசையாமல் நின்றது, அது கடந்ததும் அது நின்ற இடத்தைக் குனிந்து மோந்தது என்கிறார் அவர். பிறகு அவர் சண்டை பிடிப்பது வேறு விஷயத்துக்கு: "செருப்போட கோயிலுக்குப் போகுது, சொல்லி வையுங்கோ." கொடி கட்டும்போது அக்கா போட்டிருந்த செருப்பு நிழலோடு போய்விட்டது. கழற்ற அதற்கு வழியில்லை.

சாட்சிகள் தங்களுக்குள் முரண்பட வேண்டும், ஆனால் சில்லறை விஷயங்களில். நிழல் நடந்ததா இல்லையா என்று ஒருவரும் வாதாடுவதில்லை. செருப்பு இருந்ததா, வெறுங்காலா, இடப்பக்கம் சாய்ந்து நடந்ததா என்றே வாதம். ஊர் வாய் அப்படித்தான் பேசும். அசாத்தியமான ஒன்றை எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டு, அதன் சின்ன விவரத்துக்காக இரண்டு வீடு பேச்சில்லாமல் போகும்.

ஏன் எவரும் அதைப் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கும் வெயிலே பதில் தருகிறது. கோட்டை வழியில் மரங்கள் அடர்த்தி. மர நிழலுக்குள் போன நிழலைப் பிரித்துக் காட்ட முடியாது. அது எந்தப் பக்கத்தால் வெளியே வரும் என்று காத்திருக்க வேண்டும், காத்திருப்பவருக்கு வேலை இருக்கும்.

நிழலில்லாத ஆள்

ஊரில் உலவும் நிழலைவிட வீட்டில் இருக்கும் பெண்தான் எழுதக் கடினம். தேவர்களுக்கு நிழல் விழாது என்பது நம் பக்கத்துப் பழைய நம்பிக்கை, பேய்க்கும் அதையே சொல்வார்கள். சூரியனின் வெம்மை தாங்காமல் அவன் மனைவி சஞ்ஞை தன் நிழலைச் சாயாதேவியாக்கி வீட்டில் விட்டுப் போன புராணமும் எல்லோருக்கும் தெரியும். நம் கதையில் நடப்பது அதன் மறுபக்கம்: பெண் வீட்டில், நிழல் வெளியில். பக்கத்து வீட்டு ஆச்சி அந்தப் புராணத்தை ஒருமுறை தொட்டுப் பேசினால் போதும். கதைசொல்லியே எடுத்து விளக்கினால் உரை எழுதியது போலாகும்.

அக்கா வெளியே போக என்ன செய்வாள்? குடை. அவள் உடம்போடு ஒட்டியிருந்தது மட்டுமே நிழலோடு போயிற்று, பிறகு கையில் எடுக்கும் பொருளுக்கு நிழல் உண்டு. உச்சி வேளையில் குடை நிழலுக்குள் ஆள் நிழல் மறைந்துவிடுவதால் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த உபாயத்துக்கும் எல்லை இருக்கிறது. மூன்றடி அகலக் குடையை ஆறடி உயரத்தில் பிடித்தால், நடுப்பகலுக்கு இருபுறமும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வரைதான் அதன் நிழல் காலடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். அதன்பின் குடையின் வட்டம் விலகிப் போய்விடும், இடையில் இருக்கவேண்டிய கால்களும் இடுப்பும் தரையில் இராது. வட்டம் மட்டும் தெருவில் தனியே உருண்டு போகும். ஆகவே அக்கா கடைக்குப் போவது 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில், மற்றவர்கள் வெயிலுக்குப் பயந்து வீட்டுக்குள் இருக்கும் நேரத்தில். ஊருக்கு அவள் மீது சந்தேகம் வருவது நிழல் இல்லாததால் இல்லை, இந்த வெயிலில் என்ன கடைக்கு என்ற கேள்வியால்.

அடுத்ததுதான் கதையின் திருப்பம். அவள் நிழலைத் தேடிப் போகவில்லை. தையல் மெஷினில் வலக்கைப் பழக்கமுள்ளவர் விளக்கை இடப்பக்கம் வைப்பது, வேலை செய்யும் கையின் நிழல் ஊசியடியில் விழாமல் இருக்க. இப்போது அவள் கைக்கு நிழலே இல்லை. விளக்கு எங்கே இருந்தாலும் தையல் தெளிவாகத் தெரிகிறது. கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைக்கும்போதுகூடக் கண்ணைச் சுருக்க வேண்டியதில்லை. வருடப்பிறப்பு உடுப்புகள் முந்தின இரவே முடிந்துவிடுகின்றன. இடப்பக்கத்து பிளக் வெகுநாளாகப் பழுது. விளக்கை வலப்பக்கம் மாற்றி வைக்கிறாள். நிழலைத் தேடி அழும் பெண்ணைப் பற்றி எவரும் எழுதலாம். நிழல் போனது வசதியாகிவிட்ட பெண்ணை எழுதும்போதுதான் நமக்கே அவளிடம் கொஞ்சம் பயம் வருகிறது.

குறியீட்டு வலை

திருகோணமலையில் வைத்து இப்படி ஒரு கதை எழுதும்போது ஒரு பெரிய இழுப்பு இருக்கும். ஆட்களைத் தேடி வருடக்கணக்காகப் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தாய்மார் இருக்கும் ஊர். 2004 கடல் கொண்டு போன ஊர். நிழல் என்றதும் அது காணாமல் போன மகன், கடலில் போன கணவன் என்று சொல்லிவிடக் கை துடிக்கும். சொன்ன கணத்தில் நிழல் நடப்பதை நிறுத்திவிடும். குறியீட்டுக்குச் செருப்பும் வேண்டாம், மானும் வேண்டாம்.

ஊரின் துக்கத்தைத் தவிர்க்கச் சொல்லவில்லை, அதற்குக் கதைக்குள் உரிய இடம் கொடுக்கலாம். டச்சுபே காட்சியில் இது சரியாக வந்திருக்கிறது. கரை கிழக்கு பார்த்தது, அந்தி வெயில் ஊருக்குப் பின்னால். கரையில் நிற்கும் எல்லோருடைய நிழலும் கடலை நோக்கி நீளும், ஈர மணலில் தொடங்கித் தலை தண்ணீரில் கிடக்கும். அலை வரும்போது தலை உடைந்து உடைந்து சேரும். அங்கே நிற்கும் ஒரு தாய் அக்காவின் நிழலைப் பார்த்துவிட்டு, "ஆளில்லாம நிழல் நிக்குமெண்டு எனக்குத் தெரிஞ்சிருந்தா நானும் பாத்திருப்பன்," என்கிறாள். யாரை என்று ஒருவரும் கேட்பதில்லை. அடுத்த வரியிலேயே கச்சான் காற்றுக்கு மணல் கண்ணில் விழுகிறது என்று பேச்சு மாறுகிறது.

முடிவும் மாரியும்

ஓகஸ்ட் 31இல் சூரியன் மறுபடி உச்சிக்கு வரும். ஏப்ரல் 12இலிருந்து 141 நாள். அந்த இடைக்காலம் முழுக்க நடுப்பகல் சூரியன் ஊருக்கு வடக்கே நிற்பதால் உச்சிநேர நிழல் தெற்கே விழும், பிறகு பழையபடி வடக்கே. ஆகவே நிழல் ஓகஸ்ட் 31 உச்சிப் பொழுதில் திரும்பும் என்று வாசகர் கணக்குப் போட்டு வைத்திருப்பார். அவர் போட்ட கணக்கை அப்படியே தீர்த்துக் கொடுத்தால் கதை விடுகதையாகிவிடும். கதையில் அன்றைக்கு அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வருகிறாள், குதிக்கிறாள், கணுக்கால் பிசகுகிறது. அவ்வளவுதான்.

மாரி தொடங்கினால் நிழலுக்கு என்ன நேரும் என்பதை இவ்வகைக் கதை எழுதுவோர் பலர் மறந்துவிடுகிறார்கள். கார்த்திகை, மார்கழியில் திருகோணமலை வானம் நாட்கணக்கில் மூடிக் கிடக்கும். வெயில் இல்லாத நாளில் எவருக்கும் நிழல் இல்லை, ஆகவே அக்காவும் மற்றவர்களும் சமம். குடையை எந்நேரமும் பிடிக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஊரும் மெல்ல இதை மறந்துபோகிறது. அப்படி ஒரு மழை நாளில், மெஷினில் இருக்கும்போது தையல் வரி மங்கலாகிறது. விளக்குப் பழுதென்று தட்டிப் பார்க்கிறாள். பிறகுதான் தன் கையின் கருமை ஊசியடியில் கிடப்பதைக் காண்கிறாள். "ச்சிக்" என்று சூள் கொட்டிவிட்டு, விளக்கைப் பழையபடி இடப்பக்கம் வைக்க வயர் நீளுமா என்று பார்க்கிறாள்.

இந்த முடிவு வேலை செய்ய, விளக்கு இடமிருந்து வலத்துக்கு மாறியது கதையின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள், பிளக் பழுது என்ற சாக்கில், பேச்சோடு பேச்சாக வந்துவிட வேண்டும். பின்னால் கொண்டுபோய் வைத்தால் வாசகர் கண்டுபிடித்துவிடுவார். இப்போது அது ஏறக்குறைய நடுவில் நிற்கிறது, இரண்டு பக்கம் முன்னே தள்ளலாம். இரவுக் காட்சி ஒன்றும் தேறவில்லை: தெருவிளக்குகள் இரண்டுக்கு நடுவில் நிற்பவருக்கு இரண்டு வெளிறிய நிழல்கள் விழும், விதிப்படி அக்காவின் நிழலும் இரண்டாக வேண்டும், கதையிலோ ஒன்றாகவே பஸ் நிலையத்தைக் கடக்கிறது. ஒரு விளக்கை எரியாததாக எழுதிவிட்டால் சரியாகிவிடும். அந்தத் தெருவில் அதை நம்பச் சிரமப்படுகிறவர் ஒருவரும் இல்லை.